நட்சத்திரம் ஞாபகப்படுத்தாது: ஜிமெயிலில் Snooze பழகுவோம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், பிரின்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஜூலை 8 ஆம் தேதி, பூ கமிஷன் கடைக்கார அண்ணன் ஒருவர் வந்து போனை நீட்டினார். "தம்பி, நம்ம குட்டியானைக்கு இன்சூரன்ஸ் கட்டச் சொல்லி மெயிலு வந்துச்சு. எடுத்துப் பாருங்க, இன்னைக்கே கட்டிருவோம்."

எடுத்துப் பார்த்தேன். மெயில் ஜூன் 4 ஆம் தேதியே வந்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பாலிசி ஜூலை 3 நள்ளிரவோடு முடிந்து போயிருந்தது.

"அண்ணே, இது முடிஞ்சு அஞ்சு நாளாச்சே."

"நட்சத்திரம் போட்டு வச்சேனே தம்பி. அது ஞாபகப்படுத்தாதா?"

ஞாபகப்படுத்தாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் அவருக்கு ஆன செலவு கொஞ்சமில்லை. காலாவதியான பிறகு முழு இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியை நேரில் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது முடிகிறவரை வண்டியை எடுக்க அவருக்குத் துணிவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம், விபத்தென்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வர வாடகை வண்டி பிடித்தார்.

அன்றைக்குக் கடையில் உட்கார வைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜிமெயிலை வைத்தே சொல்கிறேன், நம் ஊரில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோர் போனிலும் இருப்பது அதுதான்.

நட்சத்திரமும் Snooze-உம் செய்கிற வேலை

நட்சத்திரம் போட்டால் மெயில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் ஒரு அடையாளம் விழுகிறது, அவ்வளவுதான். கூடவே Starred என்ற பட்டியலிலும் அது தெரியும். ஆனால் அந்தப் பட்டியலை நீங்களாகப் போய்த் திறந்தால்தான் பார்க்க முடியும். நாளைக்குப் பத்து மெயில் வந்தால், நட்சத்திரம் போட்ட மெயில் பத்து வரி கீழே போகும். ஒரு மாதத்தில் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நட்சத்திரத்துக்குத் தேதி கிடையாது, மணி கிடையாது.

Snooze அப்படியில்லை. அது மெயிலை இன்பாக்ஸிலிருந்தே தூக்கிவிடுகிறது. நீங்கள் சொன்ன நாளில், சொன்ன மணிக்கு, புதிதாக வந்த மெயில் மாதிரி இன்பாக்ஸின் உச்சியில் கொண்டுவந்து வைக்கிறது. அதுவரை Snoozed என்ற தனிப் பட்டியலில் இருக்கும். தபால்காரரிடம், "இப்ப வேண்டாங்க, 24 ஆம் தேதி மத்தியானம் கொண்டாந்து குடுங்க" என்று சொல்லி அனுப்புவது போலத்தான். அனுப்பியவருக்கு இது எதுவும் தெரியாது.

இன்னொரு சின்ன வித்தியாசமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒரே தலைப்பில் போய் வந்த மெயில்களை ஜிமெயில் ஒன்றாகச் சேர்த்து ஒரே வரியாகக் காட்டுகிறதல்லவா, அந்த மொத்தக் கட்டும் சேர்ந்துதான் Snooze ஆகும். நட்சத்திரத்தை மட்டும், கட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் குறிப்பிட்ட ஒரு மெயிலுக்குத் தனியாகப் போட முடியும். பத்து மெயில் உரையாடலில் பாலிசி பி.டி.எஃப். இருக்கிற அந்த ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரம் போட்டால், பிறகு தேடுவது சுலபம்.

போனில் செய்வது

ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன். ஐபோனிலும் ஏறக்குறைய இதே வழிதான், சில பெயர்கள் மாறும்.

மெயிலைத் திறங்கள். மேலே வலது மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் Snooze என்று இருக்கும், அதைத் தொடுங்கள். உடனே நாளை, இந்த வார இறுதி, அடுத்த வாரம் என்கிற மாதிரி சில நேரங்களை அதுவே காட்டும். கடைசியில் Pick date & time என்று ஒன்று இருக்கும். என் யோசனை, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேரே இதற்கு வாருங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். காலண்டரில் தேதியைத் தொட்டு, மணியை வைத்து, Save கொடுத்தால் மெயில் இன்பாக்ஸிலிருந்து மறைந்துவிடும்.

மணி வைக்கும்போது AM, PM இரண்டையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். மதியம் 2 மணி என்று நினைத்து 2:00 AM வைத்துவிட்டால், மெயில் நடுராத்திரி வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் காலையில் எழுந்து பார்க்கிறபோது அதற்கு மேலே விளம்பர மெயில் நாலைந்து ஏறியிருக்கும்.

தப்பான மெயிலைத் தள்ளிவிட்டீர்களா? திரையின் அடியில் Undo என்று ஒரு சின்ன வரி சில நொடிகள் நிற்கும். அதைத் தொட்டால் சரியாகிவிடும். அது மறைந்துவிட்டாலும் பயமில்லை. இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, Snoozed என்ற வரிக்குப் போனால் நீங்கள் தள்ளிப் போட்ட மெயில் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். வேண்டியதைத் திறந்து, அதே மூன்று புள்ளியைத் தொட்டு, Unsnooze கொடுத்தால் அப்போதே இன்பாக்ஸுக்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் இன்னும் எளிது. பட்டியலில் மெயில் வரியின் மேல் மவுஸைக் கொண்டுபோனாலே வலது ஓரத்தில் சில படங்கள் தெரியும். அதில் கடிகாரப் படம்தான் Snooze. நட்சத்திரம் எப்போதும் இடது பக்கம், பெயருக்கு முன்னால் இருக்கும்.

விரலால் தள்ளியே Snooze செய்யவும் வழி இருக்கிறது. Settings போய், General settings திறந்து, swipe actions என்று வரும் இடத்தில் ஒரு பக்கத்துக்கு Snooze என்று மாற்றிவிடலாம். மாற்றாமல் விட்டால் தள்ளியதும் மெயில் Archive ஆவதுதான் வழக்கம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். Archive ஆன மெயிலும் இன்பாக்ஸிலிருந்து மறையும், பார்க்க Snooze மாதிரியே இருக்கும். ஆனால் அது தானாகத் திரும்பி வராது, அந்த உரையாடலுக்கு யாராவது பதில் போட்டால்தான் வரும். "தள்ளித்தானே விட்டேன், ஏன் வரல?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது Snoozed பட்டியலைத்தான். அங்கே இல்லையென்றால் Archive ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

எந்த நேரத்துக்குத் தள்ளுவது

பொத்தானைத் தொடுவது யாருக்கும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சரியான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

Tomorrow என்று தொட்டால் ஜிமெயில் பொதுவாகக் காலை 8 மணியைத்தான் வைக்கும். அலுவலகம் போகிறவருக்கு அது பொருந்தலாம். பூக்கடை அண்ணனுக்குக் காலை 8 மணி என்றால் எடை போட்டு, ஏலம் கூறி, கணக்கு எழுதி, ஒரு கையில் போனும் மறு கையில் தராசுமாக நிற்கிற நேரம். அப்போது வருகிற மெயிலை விரலால் தள்ளிவிட்டு மறந்துவிடுவார். அவருக்கு மதியம் 2 மணிதான் சரி. சந்தை ஓய்ந்து, சாப்பிட்டு, கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். காலையில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஒரு அம்மாவுக்கு 11 மணி. உங்கள் கை எப்போது காலியாக இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், ஜிமெயிலுக்குத் தெரியாது. அதனால்தான் Pick date & time என்று சொன்னேன்.

தேதியிலும் இதே கதைதான். கடைசித் தேதிக்குத் தள்ளினால், அன்றைக்கு இன்டர்நெட் இழுத்தாலோ, பேங்கில் பணம் போகாவிட்டாலோ, வேறு கதியில்லை. வேலை முடிய எவ்வளவு நாள் ஆகும், இடையில் எதுவாவது கெட்டால் எத்தனை நாள் வேண்டும், இரண்டையும் கூட்டிக் கடைசித் தேதியிலிருந்து பின்னால் எண்ணி வர வேண்டும்.

இந்த வருடம் அண்ணனுக்கு அப்படித்தான் எண்ணினோம். இன்சூரன்ஸ் மெயில் வழக்கம்போல ஜூன் முதல் வாரமே வந்தது. பாலிசி இந்தத் தடவை ஜூலை 9 வரை. போன தடவை தாமதமாகப் புதுப்பித்ததில் தேதி தள்ளிப் போய்விட்டது. ஒரு இடத்தில் மட்டும் கட்டணம் கேட்டுக் கட்டுவதில்லை, இரண்டு மூன்று இடத்தில் விசாரிப்பார். அதற்கு இரண்டு நாள். ஏதாவது சிக்கல் வந்தால் சமாளிக்க ஒரு வாரம். ஆக, ஜூன் 29 வாக்கில் கையில் கிடைத்தால் போதும். ஆனால் மாதக் கடைசி என்றால் அவருக்கு விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்கிற நெருக்கடி. அதனால் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து, ஜூன் 24, மதியம் 2 மணி என்று வைத்தோம். வைத்தபோது அவர் சிரித்தார். "முகூர்த்தநாள் பார்க்கிற மாதிரியில்ல பார்க்குறீங்க."

ஜூன் 24 ஆம் தேதி மெயில் வந்தது. தேதி மாறாமல் பழைய மெயிலாகவே இருந்தாலும் உச்சியில் வந்து நின்றது, பக்கத்தில் Snoozed என்று ஆரஞ்சு நிற எழுத்து. அன்று அவருக்கு வேலை, கட்டவில்லை. மறுபடி ஜூன் 28 க்குத் தள்ளினார். அன்றைக்கு விசாரித்து, 30 ஆம் தேதி கட்டி முடித்தார்.

ஒரே மெயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் தள்ளலாம், ஜிமெயில் தடுக்காது. ஆனால் மூன்றாவது தடவை தள்ளும்போது கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒன்று, அந்த வேலையை நீங்கள் செய்யப் போவதில்லை. இல்லையென்றால், செய்வதற்கு இன்னொருவரிடம் போன் பண்ண வேண்டியிருக்கிறது, அதைத் தள்ளிப் போடுகிறீர்கள். இரண்டாவதென்றால் மெயிலைத் தள்ளாமல் போனைப் போடுங்கள்.

ரயில் டிக்கெட்டுக்கும் இதே முறை நன்றாக வேலை செய்கிறது. 2024 நவம்பர் 1 முதல் பயணத்துக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்கிறவர்கள் முதல் நாளே போட்டுவிடுகிறார்கள். டிக்கெட் மெயில் இரண்டு மாதம் இன்பாக்ஸில் கிடந்து அமுங்கிவிடும். அதைப் பயண நாள் மாலை 5 மணிக்கு Snooze செய்துவிட்டால், ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் மேலேயே இருக்கும்.

எங்கே கோளாறு வரும்

தள்ளிப் போட்ட உரையாடலுக்கு நடுவில் யாராவது பதில் அனுப்பினால், அது காத்திருக்காது, உடனே இன்பாக்ஸுக்கு வந்துவிடும். அண்ணனுக்கு ஜூன் நடுவில் ஏஜென்ட் அதே மெயிலுக்குப் பதிலாக இன்னொரு தொகையை எழுதி அனுப்பினார். மெயில் மேலே வந்தது, படித்தார், "சரி, 24 ஆம் தேதி வரும்ல" என்று விட்டுவிட்டார். நான் பார்த்து, மறுபடி தேதி வைக்கச் சொன்னேன். முன்கூட்டியே ஒரு மெயில் வந்துவிட்டால் பழைய தேதியை நம்ப வேண்டாம். படித்த கையோடு திரும்ப Snooze செய்வதுதான் பத்திரம்.

அடுத்தது, Snooze மெயிலின் நேரத்தைத்தான் தள்ளுகிறது, மெயிலுக்குள்ளே இருக்கிற விஷயத்தின் நேரத்தைத் தள்ளாது. 24 மணி நேரத்துக்குள் சொடுக்க வேண்டிய லிங்க், ஓ.டி.பி., இவற்றைத் தள்ளிப் போட்டு எடுத்தால் செத்துப்போன லிங்க்தான் கையில் கிடைக்கும்.

ஜிமெயில் கணக்கை வேறொரு மெயில் ஆப்பில் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அங்கே Snoozed பட்டியல் தெரியாமல் போகலாம், இன்பாக்ஸிலும் மெயில் இருக்காது. மெயில் அழிந்துவிட்டதோ என்று பதறுவார்கள். அழியவில்லை. ஜிமெயில் ஆப்பையோ, பிரவுசரில் ஜிமெயிலையோ திறந்து, தேடும் பெட்டியில் இப்படி அடித்தால் எல்லாம் வரும்:

```
in:snoozed
```

போன் அணைந்திருந்தால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டார். ஒன்றும் ஆகாது. தேதி வைத்திருப்பது உங்கள் கணக்கில், போனில் இல்லை. போனைத் திறந்து இன்டர்நெட் வந்ததும் மெயில் வந்து நிற்கும். போனில் தள்ளியது கடைக் கம்ப்யூட்டரிலும் தள்ளியதாகவே தெரியும். ஆனால் இதை அலாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்பாக்ஸைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்கு Snooze உதவாது, போன் காலண்டரில் மணி அடிக்க வைப்பதுதான் நல்லது.

ஜிமெயில் சில மெயில்களைத் தானாகவே மேலே கொண்டுவந்து, எத்தனை நாளைக்கு முன் வந்தது, பதில் போடவா என்று ஆரஞ்சு எழுத்தில் கேட்கும். அது நீங்கள் தள்ளிப் போட்டதல்ல, அதன் சொந்த யோசனை. Snoozed என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

அப்படியென்றால் நட்சத்திரம் எதற்கு?

தேதி இல்லாத, ஆனால் அடிக்கடி தேடி எடுக்கிற மெயிலுக்கு. புதுப்பித்த பிறகு வந்த புதுப் பாலிசி பி.டி.எஃப்., அதற்குத்தான் நட்சத்திரம். செக்போஸ்ட்டில் போலீஸ் கேட்டால் Starred திறந்து எடுக்கலாம். அண்ணன் விஷயத்தில் ஒரே இன்சூரன்ஸில் இரண்டும் வந்துவிட்டது பாருங்கள். பணம் கட்டச் சொன்ன மெயிலுக்கு Snooze, கட்டிய பிறகு வந்த பாலிசிக்கு நட்சத்திரம். கட்டி முடித்ததும் பழைய மெயிலை Archive செய்துவிட்டோம்.

இரண்டையும் ஒரே மெயிலுக்குப் போடவும் தடையில்லை. இன்பாக்ஸில் தெரியாது, Starred பட்டியலில் தெரியும், தேதி வந்ததும் இன்பாக்ஸுக்கும் வரும். நிலப் பத்திரம் சம்பந்தமான மெயில், இடையில் வக்கீல் கேட்டால் காட்டவும் வேண்டும், குறிப்பிட்ட தேதியில் பார்க்கவும் வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். மற்றபடி ஒன்று போதும்.

நட்சத்திரம் போட்டால் மெயில் பத்திரமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. நட்சத்திரத்தோடு அழித்தாலும் Trash போய், 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும்.

கம்ப்யூட்டரில் நட்சத்திரத்துக்குச் சிவப்பு, நீலம், பச்சை, ஆச்சரியக்குறி என்று 12 விதம் வரை வைத்துக்கொள்ள ஜிமெயில் அமைப்புகளில் இடமிருக்கிறது. புதியவர்களுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. எந்த நிறம் எதற்கு என்று ஞாபகம் வைப்பது தனி வேலையாகிவிடும்.

ஏற்கெனவே நட்சத்திரம் போட்டுக் குவித்து வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, தேடும் பெட்டியில் இப்படி அடித்துப் பாருங்கள்:

```
is:starred older_than:1y
```

ஒரு வருடத்துக்கு மேல் பழைய நட்சத்திர மெயில்கள் எல்லாம் வரும். அண்ணன் கணக்கில் இப்படி 63 வந்தது. பழைய கரன்ட் பில், எப்போதோ போன கல்யாணத்து அழைப்பிதழ், ஒரு செல்போன் விலைப்பட்டியல், யாரோ அனுப்பிய பூச்சிமருந்து விளம்பரம். வேண்டாதவற்றைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளியில் Remove star கொடுத்தோம். வைத்துக்கொள்ள வேண்டியது ஏழுதான் மிஞ்சியது. அதில் ஒன்று மகள் கல்லூரிக் கட்டணம் பற்றியது, அடுத்த தவணைத் தேதி அதில் எழுதியிருந்தது. அந்த ஒன்றில் மட்டும் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, தவணைக்குப் பத்து நாள் முன்னால், மதியம் 2 மணி என்று அவரே தன் விரலால் தேதி வைத்தார். PM-ஐ இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.